நடுச் சேம்பர்: ஆழம், பெஞ்சிங், கிளைக் கோணம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த வீட்டில் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை அடைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே அறிகுறிதான். கீழ்த்தளக் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றினால் பக்கத்துக் குளியலறையின் தரைத் துவாரம் களகளவென்று சத்தம் போடும். மறுநாள் கோப்பையில் தண்ணீர் மெதுவாக இறங்கும். அதற்கடுத்த நாள் நின்றுவிடும். ஆள் வந்து கம்பி விடுவார், தண்ணீர் போய்விடும். மூன்றாவது முறை வந்தவர், பைப்புக்கு வாட்டம் போதாது, முற்றத்தைத் தோண்டி முழு லைனையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்த நிலையில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

வீட்டின் பின்புறத்திலிருந்து முன்பக்கம் வரை 110 மிமீ பிவிசி பைப் நேராக ஓடுகிறது. இடையில் மூன்று சேம்பர்கள், அதாவது திறந்து பார்க்கவும் கம்பி விடவும் மூடி போட்டுக் கட்டிய குழிகள். பின்னால் இருக்கும் முதல் சேம்பரில் மாடிக் கழிப்பறையும் சமையலறையும் சேர்கின்றன. அங்கிருந்து 6.4 மீட்டரில் நடுச் சேம்பர். அதில் பக்கவாட்டிலிருந்து கீழ்த்தளக் கழிப்பறையின் கிளை வந்து விழுகிறது. அதற்கப்பால் 9.6 மீட்டரில் கடைசிச் சேம்பர், பிறகு வெளி இணைப்பு. அடைப்பு எப்போதும் நடுவில்தான்.

முதலில் கம்பி விட்டவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். கம்பி எந்த இடத்தில் தட்டுப்பட்டது? "பைப்புக்குள்ள எங்கயும் தட்டல சார். சேம்பர் வாய்லயே குத்தினேன், தண்ணி இறங்கிடுச்சு" என்றார். இந்தப் பதிலிலேயே பாதி விஷயம் இருந்தது. வாட்டம் போதாத பைப்பில் கசடு நீளவாக்கில், பல மீட்டருக்குப் படியும். கம்பியை இழுத்தால் முழுக்கச் சேறு ஒட்டி வரும். இவர் கம்பி சுத்தமாக வந்திருக்கிறது.

அளந்து பார்த்துவிடுவது என்று டியூப் லெவலை எடுத்தோம். முற்றத்தின் முடிந்த தளத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே ஒவ்வொரு பைப்பின் உள்அடி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று குறித்தோம். இதைத்தான் இன்வர்ட் என்கிறோம். பைப்பின் மேல்முதுகை அளந்துவிட்டு அதையே ஆழம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. தண்ணீர் ஓடுவது உள்அடியில், ஆகவே அதுதான் கணக்கு.

முதல் சேம்பரின் வெளிவாய் 450 மிமீ ஆழத்தில் இருந்தது. நடுச் சேம்பரின் உள்வாய் 560. இறக்கம் 110 மிமீ, நீளம் 6,400 மிமீ. அதாவது ஏறத்தாழ 58-க்கு 1. நடுச் சேம்பரின் வெளிவாய் 600, கடைசிச் சேம்பரின் உள்வாய் 770. 170 மிமீ இறக்கம், 9,600 மிமீ நீளம், ஏறத்தாழ 56-க்கு 1. பைப்பின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துப் பத்தால் பெருக்கும் பழைய மக்வயர் விதிப்படி 4 அங்குலப் பைப்புக்கு 40-க்கு 1 வேண்டும் என்பார்கள். ஆனால் கழிப்பறை இணைந்திருக்கிற, ஒழுங்காகப் போட்ட 100 மிமீ லைன் 80-க்கு 1 வரைகூடத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். 58-ம் 56-ம் தாராளம். பைப்பை மாற்றச் சொன்னது தேவையற்ற வேலை.

அடுத்து டேப்பை நடுச் சேம்பரின் தரை வரை இறக்கினோம். 690 மிமீ. வெளிவாயை விடத் தரை 90 மிமீ தாழ்வு!

600 மிமீக்கு 600 மிமீ சதுரச் சேம்பர் அது. வெளிவாய் மட்டம் வரை தண்ணீர் எப்போதும் வெளியேற வழியில்லாமல் நிற்கும். கணக்குப் போட்டால் 32 லிட்டருக்கு மேல். கழிப்பறையில் ஒரு முறை தண்ணீர் விட்டால் பைப்பில் விநாடிக்குச் சுமார் 2 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 110 மிமீ பைப்பில் இந்த வாட்டத்தில் அது விநாடிக்கு 80 சென்டிமீட்டர் அளவு வேகத்தில் ஓடும். அதே 2 லிட்டர், 60 செமீ அகலமும் 9 செமீ ஆழமும் உள்ள குட்டைக்குள் நுழைந்தால் சராசரி வேகம் விநாடிக்கு 4 சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடும். கனமானது அப்படியே அடியில் உட்கார்ந்துவிடும், காகிதம் மிதந்து வெளிவாயின் உதட்டில் ஒட்டும். ஒட்டியதில் அடுத்தது சிக்கும். தண்ணீர் 40 மிமீ ஏறினாலே பின்பக்கத்துப் பைப்பின் உள்அடி மூழ்கத் தொடங்கிவிடும். அந்த 40 மிமீ ஏற வெறும் 14 லிட்டர்தான் வேண்டும். இரண்டு மூன்று முறை தண்ணீர் விட்டால் போதும்.

தரை ஏன் இவ்வளவு தாழ்ந்தது? கட்டிய மேஸ்திரியையே அழைத்துக் கேட்டோம். நல்ல வேலைக்காரர், ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். "படத்துல 2 அடி 3 அங்குலம்னு போட்டிருந்துச்சு சார். அதே அளவுக்கு அடிக்கான்கிரீட் போட்டு, நல்லா வழுவழுன்னு பூசிக் குடுத்தேன்." படத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 690 மிமீ என்பது அடிக்கான்கிரீட்டின் மேல்மட்டம். அதற்கு மேலே 90 மிமீ ஏற்றி, தண்ணீர் ஓடும் வாய்க்காலான சேனலும், அதன் இருபுறமும் சுவர் வரை சரிவாக நிரப்பும் கான்கிரீட்டான பெஞ்சிங்கும் வர வேண்டும் என்பது வரைந்தவரின் மனதில் இருந்தது, படத்தில் இல்லை. ஆழம் என்ற ஒரே சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள். ஒன்று அடித்தளம் எங்கே என்பது. மற்றொன்று தண்ணீர் எந்த மட்டத்தில் ஓடும் என்பது. மேஸ்திரி முதலாவதைக் கட்டி முடித்துவிட்டுப் போயிருக்கிறார். பள்ளம் அதிகம் தோண்டியதில்லை பிழை, வேலை பாதியில் நின்றதுதான்.

நிறைய வீடுகளில் நான் பார்ப்பது இதைத்தான். சேம்பரைத் தொட்டி மாதிரி நினைத்து நான்கு சுவரும் ஒரு தரையும் கட்டிப் பூசிவிடுகிறார்கள். கசடு தேங்கினால் அள்ளிப் போட வசதியாக இருக்கும் என்று சிலர் வேண்டுமென்றே தரையைத் தாழ்த்துவதும் உண்டு. கழிவுநீர் லைனில் அப்படிச் செய்யவே கூடாது. வந்த வேகத்தோடு தண்ணீர் சேம்பரைக் கடந்து போக வேண்டும். பைப்பின் மேல்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, கை நீட்டக் கொஞ்சம் இடம் விட்டுச் சுற்றிலும் சுவர் எழுப்பினால் எப்படியோ, அப்படித்தான் ஒரு சேம்பர் இருக்க வேண்டும்.

முதல் திருத்தம்

சேனல் அமைக்க நான் எப்போதும் விரும்பும் முறை ஒன்று உண்டு. சேம்பருக்குக் குறுக்கே முழுப் பைப்பையே போட்டுவிடுவது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு முனைகளையும் கப்ளர் வைத்து இணைத்தோம். உள்வாய் 560, வெளிவாய் 600 என்பதால் சேம்பருக்குள் 40 மிமீ இறக்கம், 15-க்கு 1. சற்றுச் சரிவுதான், ஆனால் சேம்பருக்குள் கொஞ்சம் கூடுதல் இறக்கம் நல்லதே. முழுப் பைப் போட்டதில் இரண்டு பயன். நேர்கோடு தானாக அமைந்துவிடுகிறது, கான்கிரீட் இறுகும்வரை லைனும் ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் மாடிக் கழிப்பறையை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. கீழ்த்தளக் கிளையை மட்டும் மூன்று நாள் அடைத்து வைத்தோம்.

தேங்கியிருந்ததை வாரி எடுத்து, பழைய வழுவழுப் பூச்சைக் கொத்தி, சிமென்ட் பால் அடித்த பிறகு கான்கிரீட் நிரப்பினோம். பெஞ்சிங் எந்த உயரத்துக்கு வர வேண்டும் என்பதில்தான் தகராறு வரும். பைப்பின் பாதி உயரத்தில் சேனலின் விளிம்பு முடிகிறது, ஆகவே அங்கிருந்தே சரிவைத் தொடங்கிவிடலாம் என்று தோன்றும். மேஸ்திரியும் அதையே சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பாதிக்கு மேல் தண்ணீர் வரும் ஒவ்வொரு முறையும் அது இரண்டு பக்கமும் பரவும், பரவிய தண்ணீர் மெல்லிசாகும், மெல்லிசான தண்ணீர் சுமந்து வந்ததை மேட்டில் விட்டுவிட்டு இறங்கும். அடுத்த நாள் அது காய்ந்திருக்கும். அதனால் சேனலின் பக்கங்களைச் செங்குத்தாக, வெளிவாய்ப் பைப்பின் உள்முகடு வரை உயர்த்த வேண்டும். இங்கே வெளிவாயின் உள்அடி 600, உள்விட்டம் 104, ஆகவே பெஞ்சிங் விளிம்பு 496 மிமீ ஆழத்தில். அங்கிருந்துதான் சுவரை நோக்கிச் சரிவு.

சரிவு 12-க்கு 1. சேனலின் இரு பக்கமும் 248 மிமீ இருந்தது, ஆகவே சுவரோரத்தில் 21 மிமீ ஏற்றம். பார்த்தால் ஏற்றமே தெரியாது, ரசமட்டத்தை வைத்தால்தான் தெரியும். சிலர் பெஞ்சிங்கைக் கூரை மாதிரிச் செங்குத்தாக ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கழுவ வருகிறவர் கையூன்ற முடியாது, கம்பி வழுக்கும், வைத்த சாமான் சேனலுக்குள் போய் விழும். மட்டமாக விட்டால் ஈரம் நிற்கும். விளிம்பைக் கூர்மையாக விடாமல் 25 மிமீ ஆரத்துக்கு உருட்டிவிட வேண்டும். கூர் விளிம்பு உடையும், துணியும் முடியும் அதில்தான் மாட்டும். மேற்பூச்சை, நிரப்பிய கான்கிரீட் முழுக்கக் காய்வதற்கு முன்பே, அதே நாளில், 3-க்கு 1 கலவையில் பூசி இரும்புக் கரண்டியால் தேய்த்தோம். மறுநாள் பூசினால் தகடாகப் பெயரும், பெயர்ந்த தகடு சேனலில் விழுந்து அதுவே அடைப்பாகும்.

மூன்றாம் நாள் பைப்பின் மேல்பாதியை வெட்டி எடுத்தோம். அழகாக இருந்தது. கீழ்த்தளக் கிளைக்கு, பெஞ்சிங்கில் கரண்டியாலேயே நேராக ஒரு வாய்க்கால் இழுத்திருந்தோம். அங்கேதான் நான் தவறினேன்.

பெஞ்சிங்கின் மேல் ஒரு கறை

மூன்று வாரம் கழித்து மூடியைத் திறந்தேன். சேனல் சுத்தம். ஆனால் கிளை வரும் பக்கத்துக்கு நேர் எதிரே, பெஞ்சிங்கின் மேல், சேனல் விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட சுவர் வரை விசிறி விரித்தாற்போல ஒரு கறை. அதன் மேல் காய்ந்த காகிதம் நான்கைந்து அடுக்கு. பின்பக்கத்துப் பைப்பின் வாயிலும் உதட்டை ஒட்டி ஒரு காகித விளிம்பு தொங்கிக்கொண்டிருந்தது. அடைப்பு இன்னும் வரவில்லை, வரப்போகிறது என்பது தெரிந்தது.

உள்ளே ஒருவரைத் தண்ணீர் விடச் சொல்லிவிட்டு, மூடிப் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தேன். கிளையிலிருந்து தண்ணீர் பாய்ந்து வந்தது, சேனலுக்குக் குறுக்கே அப்படியே கடந்தது, எதிர்ப் பெஞ்சிங்கில் ஏறி, சுவரில் மோதித் திரும்பி, இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி வெளிவாயை நோக்கி, மறுபாதி பின்பக்கத்துப் பைப்புக்குள். ஒரு விநாடிதான் நடந்தது. அந்த ஒரு விநாடியில் சேனலின் நடுவே தண்ணீரால் ஒரு தடுப்புச் சுவர் எழுந்து அடங்கியது. அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்தும் தண்ணீர் வந்தால் அது பின்பக்கத்துப் பைப்பிலேயே வேகம் இழந்து, சுமந்து வந்ததை வாயிலில் இறக்கிவிடும்.

காரணம் கோணம். கிளை 90 பாகையில் வந்தது. கிளைத் தண்ணீரின் வேகத்தில் பிரதான ஓட்டத்தின் திசையில் ஒரு துளிகூட இல்லை. முழு வேகமும் குறுக்கே போகிறது. 45 பாகையில் வந்தால் வேகத்தில் பத்தில் ஏழு பங்கு ஓட்டத்தோடு சேர்ந்து முன்னே தள்ளும். இந்தக் கிளையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கழிப்பறைக்கும் சேம்பருக்கும் இடையே 1.8 மீட்டர்தான், அதற்குள் 120 மிமீ இறக்கம். 15-க்கு 1. பைப்பாகப் பார்த்தால் அதில் குற்றமில்லை, ஆனால் தண்ணீர் நல்ல வேகத்தோடு வந்து விழுகிறது. என் வாய்க்காலோ விளிம்பில் 30 மிமீகூட ஆழமில்லை. அதைத் திருப்பும் வலு அந்தச் சின்னக் கரைக்கு இல்லை.

மட்டம் மட்டும் சரியாக இருந்தது, அது ஆறுதல். கிளையின் உள்அடி 525 மிமீ ஆழத்தில். சேம்பரின் நடுவில் சேனலின் அடி 580, அதன் நடுக்கோடு 528. கிளை நடுக்கோட்டுக்கு ஒரு நூல் மேலே சேர்கிறது. கிளை இதைவிடத் தாழ்ந்து பிரதான அடியோடு அடியாகச் சேர்ந்தால், பிரதான லைன் ஓடும்போதெல்லாம் தண்ணீர் கிளைக்குள் ஏறும். கிளையில் கசடு நின்றுவிடும். மிக உயரத்தில் சேர்ந்தால் தெறிக்கும். 600 மிமீக்கு மேல் உயர வித்தியாசம் இருந்தால் சேம்பருக்கு வெளியே செங்குத்துப் பைப் போட்டு இறக்க வேண்டும். இங்கே அதற்கெல்லாம் தேவை வரவில்லை.

திருத்த இரண்டு வழி இருந்தது. ஒன்று, சேம்பருக்கு வெளியே மண்ணுக்குள் ஒய் வடிவ இணைப்பு ஒன்றை வைத்துக் கிளையைப் பிரதான பைப்போடு சேர்த்துவிடுவது. ஓட்டத்துக்கு அது நல்லது. ஆனால் அந்த இணைப்பு மண்ணுக்குள் மறைந்துவிடும், நாளைக்குக் கிளையில் ஏதாவது சிக்கினால் சேம்பரிலிருந்து கம்பி விட முடியாது. சேம்பர் கட்டியதன் நோக்கமே போய்விடும். இரண்டாவது, சேம்பருக்குள்ளேயே கிளையைத் திருப்புவது. அதையே செய்தோம்.

110 மிமீ பைப்புக்கான 45 பாகை பெண்டை நீளவாக்கில் அறுத்தோம். பாதியாக அல்ல, முக்கால் வட்டம் மிஞ்சும்படி. இதில் கவனம் வேண்டும். அரை வட்டமாக அறுத்தால் வளைவின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் கரையேறி வெளியே தாவிவிடும், நாம் தவிர்க்க நினைத்ததே திரும்ப நடக்கும். முக்கால் வட்டத்தில் வெளிப்பக்கச் சுவர் உயர்ந்து உள்நோக்கிக் கவிந்து நிற்கும். ஏறிவரும் தண்ணீரை அதுவே மடக்கித் திருப்பும். திறந்த கால் பகுதி வளைவின் உள்பக்கமாக, மேல்நோக்கி வர வேண்டும். இதை மாற்றி வைத்து ஏமாந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கிளை 45 பாகைக்கு மேல் சாய்ந்து வந்தால் இந்த முக்கால் வட்டத் துண்டு கட்டாயம். அதற்குக் குறைவென்றால் சாதாரண அரைவட்டக் கிளைச் சேனலே போதும்.

கிளைப் பக்கத்துப் பெஞ்சிங்கைச் சுவர் வரை கொத்தி எடுத்தோம். 248 மிமீக்குள் பெண்ட் சரியாக அடங்கியது. அதன் முனை வெளிவாய்க்கு ஒரு சாண் முன்னால் சேனலின் விளிம்பைத் தொட்டது. முனையைச் சேனலின் பக்கச் சுவருக்கு ஏற்பச் சாய்வாக அறுத்தோம். ஒரு மிமீகூடச் சேனலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால் விரலை உள்ளே ஓட்டிப் பார்த்து, தடையாகப்பட்ட இடத்தை அரத்தால் தேய்த்தோம். கிளைப் பக்கப் பெஞ்சிங் இப்போது பெண்டின் உதடு வரை உயர்ந்தது. எதிர்ப் பக்கத்திலும் பெண்டின் முனைக்கு நேரெதிரே மட்டும் கலவையை ஒரு கை அளவு ஏற்றி, சேனலின் பக்கத்தோடு சேர்த்து இழைத்தோம்.

ஒரு விஷயத்தை இடையில் சொல்லியாக வேண்டும். இந்த வேலை முழுவதும் வெளியே மண்டியிட்டு, கையை உள்ளே நீட்டிச் செய்தது. 600 மிமீ ஆழத்தில் ஓடும் லைனுக்கு 600 மிமீ சதுரம் போதும், ஆள் இறங்கத் தேவையில்லை. ஒரு மீட்டரைத் தாண்டினால் கை எட்டாது, கம்பி வளைய இடம் பற்றாது, பெரிய சேம்பர் வேண்டும் என்ற பேச்சு வரும். அப்போதும் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மூடிய கழிவுநீர்க் குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் மூக்கின் உணர்வை மழுங்கடிக்கும், வாடை இல்லை என்று நம்பி இறங்கியவர் ஏறி வருவதில்லை. ஆழமான சேம்பரில் திறப்பைச் சிறிதாக வைப்பதே யாரும் இறங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

பூச்சு இறுகியதும் மறுபடியும் தண்ணீர் விட்டுச் சோதித்தோம். கழிப்பறைக் காகிதத்தை நனைத்து உருட்டி ஐந்து உருண்டை, ஒரு முறை தண்ணீர். இப்படிப் பத்து முறை. ஐம்பது உருண்டையும் கடைசிச் சேம்பரைக் கடந்து போயின. அதைவிட நான் நம்பியது எதிர்ப் பெஞ்சிங்கின் ஈரத்தை. முன்பு சுவர் வரை நனைந்த இடத்தில் இப்போது விளிம்பிலிருந்து இரண்டு விரல்கடை அகலத்துக்கு மேல் ஈரமில்லை. பிறகு மாடியிலும் கீழேயும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடச் சொன்னோம். பின்பக்கத்துப் பைப்பின் வாயில் மட்டம் ஒரு கணம் ஏறி உடனே இறங்கியது, எதுவும் தங்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மூடியைத் திறந்தோம். பெஞ்சிங் உலர்ந்து சாம்பல் நிறத்தில் இருந்தது, ஓரத்தில் ஒரு சிலந்தி வலைகூடக் கட்டியிருந்தது. சேனலின் இரு கரையிலும் நகக்கண் அளவு எண்ணெய்ப் படிவு, அது சமையலறையிலிருந்து வருவது. ஆண்டுக்கு ஒரு முறை வெந்நீர் விட்டுத் துடைப்பத்தால் தேய்க்கச் சொல்லிவிட்டு வந்தோம்.

மேஸ்திரி இப்போது படத்தைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு சேம்பருக்கும் இரண்டு எண் கேட்கிறார். அந்த வீட்டின் படத்தில் திருத்தி எழுதியதை அப்படியே அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்: நடுச் சேம்பர், அடிக்கான்கிரீட் மேல்மட்டம் 690, வெளிவாய் இன்வர்ட் 600.